சொட்டுக் குழாய்க்கு அடியில் டம்ளர் வைத்துப் பார்த்த கணக்கு

சொட்டிக்கொண்டே இருக்கும் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று தேடினால் ஒருவர் நாலு லிட்டர் என்பார், இன்னொருவர் இருபது லிட்டருக்கு மேல் என்பார். இரண்டு பேருமே வினாடிக்கு ஒரு சொட்டு என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி, அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு எல்லாம் ஒரு சொட்டு எவ்வளவு பெரியது என்பதில்தான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது சில குழாய்களில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி என்று கணக்கு வைப்பார்கள், அதை எடுத்துக்கொண்டால் நாளைக்கு 4.3 லிட்டர் வரும். யு.எஸ்.ஜி.எஸ். என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பு தன் கணக்கில் லிட்டருக்கு 4,000 சொட்டு என்று வைக்கிறது, அப்படிப் பார்த்தால் 21.6 லிட்டர். ஐந்து மடங்கு வித்தியாசம். ஐந்து மடங்கு தள்ளிப்போகிற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வாஷர் மாற்றலாமா, குழாயையே மாற்றலாமா என்று யோசிப்பதில் அர்த்தம் இல்லை. அதனால் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வைத்துப் பிடித்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இது அந்தக் கணக்கும், அப்புறம் நடந்த ரிப்பேரும்.

குழாய் என்ன மாதிரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அதைப் பொறுத்தது. பழைய பித்தளைப் பிப் காக், அரை இஞ்ச், பல சுற்றுத் திருகி மூடுகிற வகை. கால் சுற்றிலேயே திறந்து மூடுகிற புது மாடல் இல்லை. தண்ணீர் மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் குழாயிலிருந்து சுமார் நாலு மீட்டர் உயரத்தில் இருக்கும். போர் தண்ணீர், நல்ல உப்பு, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும்.

அளப்பதற்கு எடுத்துக்கொண்டது ஒரு எவர்சில்வர் டம்ளர், சமையலறைத் தராசு, மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, போனில் இருக்கும் டைமர். தராசு இருந்தால் வேலை சுலபம். 1 கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட 1 மில்லி, வீட்டு வெப்பநிலையில் அந்த வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே. தராசு இல்லையென்றால் சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி அளந்துவிடலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தராசில் ஒரு தொந்தரவு உண்டு, இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு மொத்தமும் போய்விடும். டம்ளரைத் தராசு மேலேயே வைத்து, அதன் மேல் சொட்டவிட்டு, எண் ஏறுவதைப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் விலை குறைந்த டிஜிட்டல் தராசுகள் பலவற்றில் பூஜ்யத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மிக மெதுவாக ஏறும் எடையை அது எடையாகவே எடுத்துக்கொள்ளாது, ஏதோ தள்ளாட்டம் என்று நினைத்துத் திரும்பவும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று விழும் தண்ணீர் இதில் அப்படியே காணாமல் போகும். போதாததற்கு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்தும்விடும். அதனால் காலி டம்ளரை எடை போட்டு எழுதிக்கொண்டு, தராசை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரைப் பிடித்து முடித்ததும் மறுபடி எடை போட்டு, கழித்துக்கொள்வதுதான் சரி.

இரண்டாவது தொந்தரவு தெறிப்பது. எங்கள் குழாய் தரையிலிருந்து இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. தரையில் டம்ளரை வைத்தால் சொட்டு அடியில் மோதி, தூள்தூளாக வெளியே தெறிக்கிறது. வெறும் டம்ளராக இருக்கும்போது நன்றாகவே தெறிக்கும், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்த பிறகும் முழுக்க நிற்பதில்லை. இதற்கு இரண்டு வழி. ஒன்று, டம்ளர் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டு அதோடு சேர்த்தே காலி எடையைப் போட்டுக்கொள்வது. இன்னொன்று, குழாய் மூக்கில் ஒரு நூலைக் கட்டி அதன் மறு நுனியை டம்ளருக்குள் விடுவது. தண்ணீர் நூல் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ராத்திரி டொக் டொக் சத்தம் தாங்காமல் பல வீடுகளில் நூல் கட்டிவைப்பது வழக்கம்தான். நான் ஸ்பாஞ்சு வைத்தேன், சொட்டை எண்ணவும் வேண்டியிருந்ததால்.

சரி, அளவு. வழக்கமாக நான் மூடுகிற அழுத்தத்தில் குழாயை மூடிவிட்டு, ஒரு கால் மணி நேரம் சும்மா விட்டேன். மூடின உடனே வரும் சொட்டெல்லாம் கசிவு இல்லை, குழாயின் வளைந்த மூக்குப் பகுதிக்குள் தங்கியிருந்த தண்ணீர் வடிவது. அது வடிந்து முடிந்து, சொட்டு ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகுதான் டம்ளரை உள்ளே தள்ள வேண்டும். ஒரு சொட்டு விழுந்த கணத்தில் டைமரை அழுத்தினேன், பத்து நிமிடம் ஆனதும் எடுத்தேன். 96 கிராம்.

ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். 96ஐ 144ஆல் பெருக்கினால் 13,824 மில்லி. சுமார் 13.8 லிட்டர்.

அதே நேரத்தில் சொட்டையும் எண்ணினேன். நிமிடத்துக்கு 69 வந்தது. தனியாக 100 சொட்டு மட்டும் பிடித்து எடை போட்டதில் 14 கிராம், அதாவது சொட்டுக்கு 0.14 மில்லி. 69 சொட்டை 0.14ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 9.66, டம்ளர் சொல்வது 9.6, இரண்டும் ஒத்துப்போகிறது, ஆகவே எண்ணியதில் பிசகு இல்லை. ஆனால் இதே 69 சொட்டை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கணக்குப் போட்டிருந்தால் 5 லிட்டர் என்று வந்திருக்கும், அமெரிக்கக் கணக்குப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 25 லிட்டர். எங்கள் குழாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஏன் இப்படி என்று கொஞ்சம் யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். சொட்டு எவ்வளவு பெரிதாக வளரும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் மூக்கு நுனி. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அந்த நுனியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொட்டைத் தாங்குகிறது. எடை அந்தப் பிடியை மீறும்போது அறுந்து விழுகிறது. விளிம்பு அகலமாக இருந்தால் பிடி அதிகம், சொட்டும் பெரிது. டிரிப்ஸ் குழாயின் நுனி மெல்லியது, அதனால் 0.05 மில்லி. வீட்டுக் குழாயின் நுனி தடிமன், அதனால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. அகலமான வாய், சாய்ந்த வாய், முனையில் ஜல்லடை மாட்டின வாய், ஒவ்வொன்றிலும் சொட்டு வேறு. ஆனால் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வெளியே வரும் என்பதைத் தீர்மானிப்பது மூக்கு இல்லை, உள்ளே இருக்கும் வாஷர் சரியாக உட்காராத அந்த இடுக்கு. இரண்டும் வேறு வேறு இடங்களில் நடக்கிற சங்கதி.

இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும், நான் பார்த்தேன். குழாயைத் தொடாமல், மூக்கின் அடி நுனியில் ஒரு ஜூஸ் ஸ்டிராத் துண்டைச் சாய்வாகச் சொருகி, தண்ணீர் அதன் வழியாகச் சொட்டும்படி டேப் போட்டு ஒட்டினேன். சொட்டு சின்னதாகிவிட்டது, எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, படபடவென்று விழுகிறது, பார்க்கிறவர்கள் குழாய் இன்னும் கெட்டுப்போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் டம்ளரில் சேர்ந்தது 95 கிராம். தண்ணீர் அதே தண்ணீர்தான். வேகமாகச் சொட்டுகிற குழாயில்தான் அதிகம் வீணாகிறது என்று இரண்டு குழாய்களைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எண்ணுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சொட்டு வேகம் கூடக்கூட அது சீராக விழாது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாறி மாறி விழும், இன்னும் வேகமானால் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழும். 1980களில் கலிஃபோர்னியாவில் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷா என்ற இயற்பியலாளர் இப்படிச் சொட்டுகிற குழாயை வைத்தே ஒழுங்கின்மையைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார், 1984இல் அது வெளிவந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டைத் தாண்டினால் எண்ணுவதை விட்டுவிட்டு டம்ளரை நம்பலாம் என்பது மட்டும் போதும்.

இனி 13.8 லிட்டருக்கு வருவோம். இதை அப்படியே ஒரு நாள் கணக்கு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது நான் மூடின ஒரு மூடலுக்கான கணக்கு. எங்கள் வீட்டில் அந்தக் குழாயை நான் மட்டும் மூடுவதில்லை. அம்மா மூடினால் கையில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவார். என் பெண் மூடினால், மூடின மாதிரி ஒரு பாவனை, அவ்வளவுதான். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எப்போதும் போல மூடச் சொன்னேன் (எப்போதும் போல என்று சொன்ன உடனே யாரும் எப்போதும் போல மூட மாட்டார்கள், அதனால் அவர்கள் தானாகப் பயன்படுத்திவிட்டுப் போனதும் போய் டம்ளரை வைப்பது என்று மாற்றிக்கொண்டேன்). அம்மா மூடியதில் பத்து நிமிடத்துக்கு 21 கிராம், அதாவது நாளைக்கு 3 லிட்டர். பெண் மூடியதில் 240 கிராம், நாளைக்கு 34.5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே குழாய், ஒரே வாஷர், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

“நான்தான் தினமும் சொல்றேனே, இறுக்கி மூடுங்கன்னு” என்றார் அம்மா, எண்ணைக் கேட்டதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுக்குவதுதான் வாஷரைத் தின்கிறது என்பது குழாயைக் கழற்றிய பிறகு தெரிந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தது தொட்டி மட்டம். காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்திருக்கும்போது எடுத்த அளவுதான் 96. அன்றைக்கே சாயந்தரம் தொட்டி அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் இருந்தபோது, இடையில் குழாயை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, எடுத்த அளவு 78. தொட்டியின் உயரம் சுமார் ஒரு மீட்டர், அதனால் அழுத்தம் நாலு மீட்டர் தண்ணீர் உயரத்திலிருந்து மூன்று சொச்சத்துக்கு இறங்கியிருக்கும், கசிவும் அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. எங்கள் வீடு மாதிரி ஒற்றை மாடி வீட்டில் இது பெரிதாகத் தெரியும். நாலு மாடிக்கு மேலே தொட்டி வைத்து, கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஒரு மீட்டர் ஏற்ற இறக்கம் ஒன்றும் செய்யாது, ஆனால் மொத்த அழுத்தமே கூட என்பதால் அதே இடுக்கில் அவர்களுக்குக் கசிவு கூட. நேரே மாநகராட்சி லைனில் இருக்கும் குழாய் என்றால் தண்ணீர் விடுகிற நேரத்தில் மட்டும்தான் சொட்டும், அங்கே 144ஆல் பெருக்கவே கூடாது, தண்ணீர் வருகிற மணி நேரத்துக்கு மட்டும் ஆறால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ராத்திரியில் யாரும் தொடாததால் அது நல்ல சோதனை. பத்து மணிக்கு நான் மூடிவிட்டு, பக்கெட்டை வைத்துவிட்டுப் படுத்தேன், காலை ஐந்தரைக்கு எடுத்தேன். ஏழரை மணி நேரம், 450 நிமிடம். சாயந்தர வேகமான நிமிடத்துக்கு 7.8 மில்லியை வைத்துக் கணக்குப் போட்டால் 3.51 லிட்டர் வர வேண்டும். சிரிஞ்சால் ஒரு லிட்டர் பாட்டிலில் கோடு போட்டுக்கொண்டு, அதை வைத்து அளந்ததில் 3.4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. பக்கெட்டில் ஒட்டியது, ஆவியானது என்று கொஞ்சம் போயிருக்கும். பத்து நிமிட டம்ளரை நம்பலாம் என்பதற்கு எனக்கு இது போதும்.

பகல்தான் சிக்கல், ஏனென்றால் மூடுகிற கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்து, குழாயைத் திறந்து வேலை முடிந்து மூடினதும் அடியில் மக்கை நகர்த்தி வைக்க வேண்டும், திறக்கும்போது மக்கை எடுத்து ஓரமாக இருக்கும் பக்கெட்டில் ஊற்றிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிட்டது என்றாலும் விடாமல் நடந்தது. ராத்திரிப் பக்கெட்டையும் சேர்த்து அந்த ஒரு நாளின் மொத்தம் 15.2 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம்.

பத்து நிமிட டம்ளர் சொன்னது 13.8, நாள் முழுக்கப் பிடித்தது 15.2. பெண்ணின் தளர்ந்த மூடலும் அம்மாவின் இறுக்கமும் தொட்டியின் ஏற்ற இறக்கமும் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும், எல்லா வீட்டிலும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நாள் முழுக்கப் பிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, அதனால் சொல்கிறேன்: வீட்டில் யார் யார் மூடுகிறார்களோ அவர்கள் ஒவ்வொருவரின் மூடலுக்கும் ஒரு பத்து நிமிட அளவு எடுத்துக்கொண்டு, ராத்திரி கடைசியாக மூடுவது யார் என்று பாருங்கள். அவர் மூடியதுதான் ஏழெட்டு மணி நேரம் ஓடும், கணக்கில் பெரிய பங்கு அவருடையது. எங்கள் வீட்டில் பெண் கடைசியாகக் கை கழுவிவிட்டுப் போகிற ராத்திரிகளில் பக்கெட்டில் பத்து லிட்டர் வரைக்கும் நிற்க வாய்ப்பு உண்டு.

மாதத்துக்குப் பார்த்தால் 450 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. எங்கள் தொட்டியே 500 லிட்டர்தான். மாதத்தில் ஒரு முறை தொட்டியை முழுக்க நிரப்பி, கிட்டத்தட்ட அவ்வளவையும் பின்கட்டுச் சாக்கடையில் விடுகிற கணக்கு. நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவதற்கு வைத்திருக்கும் அளவு. அதோடு ஒப்பிட்டால் இது ஒரு ஆள் மூன்று நாளைக்கு மேல் புழங்குகிற தண்ணீர். பயமுறுத்துகிற எண் இல்லை, ஆனால் ஒரு வாஷர் விலைக்கு முன்னால் இது அதிகம்தான்.

இனி ரிப்பேர். கழற்றுவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைச் செய்து பார்ப்பது நல்லது. தொட்டியைக் கழுவின பிறகோ, பைப் லைனில் வேலை நடந்த பிறகோ திடீரென்று சொட்ட ஆரம்பித்திருந்தால், வாஷருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கலாம். குழாயை முழுக்கத் திறந்து கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட்டு மூடினால் அது அடித்துக்கொண்டு போய்விடும், சொட்டும் நின்றுவிடும். எங்களுக்கு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல மாதத்தில் கூடிய கசிவு, ஆகவே வாஷர்தான் என்று தெரிந்தது. அதே மாதிரி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். மூடியிருக்கும்போது மூக்கு வழியாகச் சொட்டினால் வாஷர் அல்லது அது உட்காரும் இடம். திறந்திருக்கும்போது கைப்பிடித் தண்டின் ஓரமாகக் கசிந்தால் அது மேலே இருக்கும் பேக்கிங், அதற்கு வாஷரை மாற்றிப் பயன் இல்லை.

ஹார்டுவேர் கடையில் கேட்ட முதல் கேள்வியே “பித்தளையாண்ணே, பிளாஸ்டிக்கா?” என்றுதான். பித்தளை, அரை இஞ்ச் என்றதும் சில ரூபாய்க்கு இரண்டு ரப்பர் வாஷரை எடுத்து வைத்தார். கூடவே ஸ்பிண்டில் என்கிற அந்தக் கைப்பிடித் தண்டு செட்டாகவும் கிடைக்கும், வாஷரைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்து வரவில்லையென்றால் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றார். பிளாஸ்டிக் குழாய் என்றால் பெரும்பாலும் முழுசாக மாற்றிவிடுவதுதான் லாபம், உள்ளே மரை தேய்ந்திருக்கும். கால் சுற்றுக் குழாயில் ரப்பர் வாஷர் கிடையாது, பீங்கான் வில்லைகள் இருக்கும், அதற்கு உள் ஸ்பிண்டிலை அப்படியே எடுத்துக்கொண்டு போய், கைப்பிடி மாட்டுகிற நுனியில் அதே பல் எண்ணிக்கை இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தொட்டியிலிருந்து வரும் லைனின் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டேன். கேட் வால்வே கசிகிறதா என்று இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், பல வீடுகளில் அது வருடக்கணக்காகத் தொடாமல் இருந்து முழுசாக மூடாது. அப்புறம் குழாயின் உடம்பை ஒரு பைப் ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் மூடியை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். உடம்பைப் பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் இருக்கும் எல்போ சுழன்று, அங்கே உடைந்தால் அப்புறம் சுவரை உடைக்கிற வேலை. கைப்பிடி கொஞ்சம் திறந்த நிலையில் இருக்கட்டும், மூடின நிலையில் கழற்றினால் வாஷர் இடத்தில் அழுந்திக்கொண்டு மரை முரண்டு பிடிக்கும்.

வெளியே வந்த வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம், சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம். பித்தளை விளிம்பு தினமும் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி வெட்டின பள்ளம் அது. ரப்பரும் காய்ந்து கட்டையாகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் குழி விழவில்லை. இதுதான் அம்மாவின் இறுக்கத்துக்கும் பெண்ணின் தளர்வுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம் வந்ததற்குக் காரணம். மெத்தென்று இருக்கும் வாஷர் லேசாக மூடினாலே விளிம்போடு படிந்துகொள்ளும். கட்டையான வாஷரை அழுத்தித்தான் படியவைக்க முடியும். அழுத்த அழுத்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும், நாளை அதே அடைப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட இறுக்க வேண்டிவரும்.

நட்டு துருப்பிடிக்கவில்லை, உப்புதான் ஏறியிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டதும் குரடுக்கு இளகியது. புது வாஷரைப் போட்டு, நட்டை அழுத்தி நசுக்காமல் அளவாக இறுக்கி, மேல் மூடியின் மரையில் டெஃப்லான் டேப் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் திரும்பப் பூட்டினேன். கேட் வால்வைத் திறந்து, லேசாகத்தான் மூடினேன்.

சொட்டு நின்ற மாதிரி இருந்தது. நின்ற மாதிரி இருப்பதை நம்ப வேண்டாம் என்று டம்ளரைத் திரும்ப வைத்தேன். முதல் கால் மணி நேரம் கழித்து, மூக்கைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு வைத்ததில், அரை மணி நேரத்தில் 6 கிராம். நாளைக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு மெதுவான கசிவுக்குப் பத்து நிமிடம் போதாது, ஏனென்றால் மூக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சொட்டு உள்ளே விழுந்ததா விழவில்லையா என்பதே கணக்கைப் பத்து சதவீதம் வரை ஆட்டிவிடும். குறைந்தது அரை மணி நேரம் வைக்க வேண்டும்.

கால் லிட்டர்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் புது வாஷரோடு கசிகிறது என்றால் அது உட்காரும் பித்தளை விளிம்பில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், விட்டால் அது புது வாஷரையும் அதே இடத்தில் வெட்ட ஆரம்பிக்கும். திரும்பக் கழற்றி, டார்ச் அடித்து, விரல் நுனியை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நெருடியது. பஞ்சைச் சுற்றித் தேய்த்தால் அந்த இடத்தில் நூல் மாட்டியது. நல்லவேளையாக அது பித்தளையில் விழுந்த வெட்டு இல்லை, உப்புக் கட்டி. விளிம்பின் அகலத்துக்கு ஒரு மரக்குச்சியின் நுனியைத் தட்டையாக அறுத்து, அதில் ஜீரோ நம்பர் உப்புத்தாளை ஒட்டி, குச்சியை நேராகப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன். சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்து, இருப்பதும் கெட்டுவிடும். பஞ்சு மாட்டாமல் சுற்றி வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பித்தளையிலேயே ஆழமான வெட்டு இருந்தால் இந்தக் குச்சி வேலைக்கு ஆகாது, பிளம்பரிடம் விளிம்பைச் சீவுகிற கருவி இருந்தால் சீவலாம், இல்லாவிட்டால் குழாயை மாற்றுவதுதான்.

தூள் போக, வால்வைக் கொஞ்சம் திறந்து தண்ணீரை மேல் வழியாகவே பீய்ச்சவிட்டுக் கழுவிவிட்டு, பூட்டி, மறுபடி அளவு. இந்த முறை டம்ளருக்குப் பதிலாக மூக்குக்கு அடியில் காய்ந்த டிஷ்யூ தாளை விரித்துவைத்தேன், ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் கறை தெரியும். ராத்திரி பெண் மூடின பிறகுதான் வைத்தேன், அவள் மூடியும் நிற்கிறதா என்பதுதானே பரீட்சை. காலையில் தொட்டி நிறைந்து, அழுத்தம் முழுசாக இருக்கும்போதும் போய்ப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது.

சமையலறைக் குழாய் கால் சுற்று வகை, அதுவும் கொஞ்சம் சொட்டுகிறது. பத்து நிமிடத்துக்கு 11 கிராம், யார் மூடினாலும் அதே 11தான், பீங்கான் வில்லையில் இறுக்கத்துக்கு வேலை இல்லை. பல் எண்ணிக்கை 20, அடுத்த முறை கடைப் பக்கம் போகும்போது ஸ்பிண்டிலை வாங்கிவர வேண்டும்.